ஸ்லோ குக்கர், மைக்ரோவேவில் இறைச்சி: ஓரம் கொதித்தாலும் நடுப்பகுதி ஏன் வேகாமல் போகிறது? முழு விளக்கம்

ஸ்ரீவராகம் (திருவனந்தபுரம்): ஸ்லோ குக்கரிலும் மைக்ரோவேவ் ஓவனிலும் சமைக்கப்படும் இறைச்சி பாதுகாப்பானதா என்பதைப் பாத்திரத்தின் ஓரத்தில் தெரியும் கொதியோ, மூடியைத் திறந்தவுடன் எழும் ஆவியோ தீர்மானிப்பதில்லை. துண்டின் மிகக் குளிர்ந்த இடம் எவ்வளவு வெப்பத்தை எட்டியது, அதை எட்ட எவ்வளவு நேரம் பிடித்தது என்ற இரண்டு கேள்விகளே அதைத் தீர்மானிக்கின்றன. ஸ்லோ குக்கர் நேரத்தில் தவறக்கூடியது. மைக்ரோவேவ் ஓவன் இடத்தில் தவறக்கூடியது. இரண்டின் குறைகளும் வேறுவேறு என்பதால், அவற்றுக்கான முன்னெச்சரிக்கைகளும் வேறுவேறாகவே அமைகின்றன.

காலையில் இறைச்சியை இட்டுவிட்டு அலுவலகம் சென்று மாலையில் திரும்பும் குடும்பங்களுக்கு ஸ்லோ குக்கர் வசதியானது. குளிர்பெட்டியில் உள்ள கறியைச் சில நிமிடங்களில் சூடாக்க மைக்ரோவேவ் ஓவன் உதவுகிறது. ஆனால் இக்கருவிகளுடன் வரும் கையேடுகள் பெரும்பாலும் குளிர்ந்த நாடுகளின் சமையலறைகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. ஆண்டின் பெரும்பகுதி 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் நிலவுவதும், மழைக்காலத்தில் மின்தடை ஏற்படுவதுமான திருவனந்தபுரம் போன்ற நகரில் அதே குறிப்புகளை எவ்வாறு பின்பற்றுவது என்பதை இச்செய்தி விளக்குகிறது.

கேரளாவின் அனுபவம் கூறுவது என்ன?

2022 மே மாதம் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட பள்ளி மாணவி ஒருவர் உயிரிழந்தார். பலர் மருத்துவமனைகளில் அனுமதிக்கப்பட்டனர். இதையடுத்து ஷவர்மா தயாரிப்புக்கெனக் கேரள அரசு தனி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. கோழி இறைச்சி தொடர்ச்சியாக 15 நிமிடங்களும், மாட்டிறைச்சி 30 நிமிடங்களும் வேக வேண்டும் என்றும், இறைச்சியின் உட்பகுதி 71 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும் என்றும் அதில் கூறப்பட்டது.

பின்னர் 2023 ஜனவரியில், பார்சல் உணவுப் பொட்டலங்களில் தயாரிக்கப்பட்ட நாளும் நேரமும், எந்நேரத்திற்குள் உண்ண வேண்டும் என்பதும் குறிக்கப்பட வேண்டும் என மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையர் உத்தரவிட்டார். எளிதில் கெடக்கூடிய சூடான உணவுகளைத் தயாரித்த 2 மணி நேரத்திற்குள் உண்ண வேண்டும் என்றும், கொண்டு செல்ல அதிக நேரமாகுமெனில் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தப்பட்டது.

இவ்விரு நடவடிக்கைகளும் உணவகங்களுக்கானவை. எனினும் அவற்றின் அடிப்படை வீட்டுச் சமையலறைக்கும் அப்படியே பொருந்தும். சுழலும் ஷவர்மா கம்பியில் வெளிப்புறம் கருகும் நிலையிலும் உட்புறம் வேகாமல் இருக்கலாம். ஸ்லோ குக்கரிலும் மைக்ரோவேவ் ஓவனிலும் இதே சிக்கல் வேறு வடிவங்களில் நிகழ்கிறது.

60 டிகிரிக்குக் கீழே நடப்பது என்ன?

இறைச்சியில் இருக்கக்கூடிய பாக்டீரியாக்கள் சுமார் 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் பெருகுகின்றன. 5 டிகிரிக்குக் கீழ் அவற்றின் வளர்ச்சி மிகவும் மந்தமடைகிறது; 60 டிகிரிக்கு மேல் வளர்ச்சி நின்று, அதற்கும் மேலே சென்றால் அவை அழியத் தொடங்குகின்றன. இந்த இடைப்பட்ட பகுதியே 'அபாய வெப்பநிலை மண்டலம்' எனப்படுகிறது. சமைக்கப்படும் எந்த இறைச்சியும் இம்மண்டலத்தைக் கடந்துதான் ஆக வேண்டும். எவ்வளவு விரைவாகக் கடக்கிறது என்பதே முக்கியம்.

இறைச்சிக் குழம்புகளில் அடிக்கடி சிக்கலை ஏற்படுத்தும் குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். 43 முதல் 45 டிகிரி வரையிலான இதமான சூட்டில் இது சுமார் 10 நிமிடங்களுக்கு ஒருமுறை இரு மடங்காகப் பெருகக்கூடியது. இந்த வேகத்தில் ஆயிரமாக இருக்கும் பாக்டீரியாக்கள் ஒரு மணி நேரத்தில் 64 ஆயிரமாகவும், 2 மணி நேரத்தில் சுமார் 40 லட்சமாகவும் மாறிவிடும்.

'எப்படியும் இறுதியில் கொதித்துவிடும். கிருமிகள் யாவும் அழிந்துவிடும்' என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது முழுமையாகச் சரியன்று. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் எனும் பாக்டீரியா வளரும்போது வெளியிடும் நச்சு, கொதிக்கும் வெப்பத்தையும் தாங்கி நிற்கும். பாக்டீரியா அழிந்தாலும் நச்சு உணவிலேயே தங்கிவிடும். குளோஸ்ட்ரிடியத்தின் வித்துகளோ கொதித்த பிறகும் உயிருடன் இருந்து, உணவு மெல்ல ஆறும்போது மீண்டும் வளரத் தொடங்கும். ஆகவே தொடக்கத்தில் வீணான நேரத்தை முடிவில் கூடுதலாகக் கொதிக்கவைத்து ஈடுசெய்ய முடியாது.

ஸ்லோ குக்கர்: உறைந்த இறைச்சியை ஏன் நேரடியாக இடக்கூடாது?

ஸ்லோ குக்கர் என்பது பீங்கான் பாத்திரத்தைச் சுற்றி மென்மையான வெப்பத்தை மணிக்கணக்கில் அளிக்கும் மின்கருவி. அமெரிக்க வேளாண் துறையின் விளக்கப்படி, இவ்வகைக் கருவிகள் சுமார் 77 முதல் 138 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் இயங்குகின்றன. நேரடி வெப்பம், நீண்ட நேரம், இறுக்கமான மூடிக்குள் உருவாகும் ஆவி ஆகிய மூன்றும் சேர்ந்து பாக்டீரியாவை அழிக்கின்றன. முறையாகப் பயன்படுத்தினால் இது பாதுகாப்பான கருவியே. சிக்கல் எழுவது முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில்தான்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஸ்ரீவராகத்தில் உள்ள ஒரு வீட்டில், ஒரு கிலோ ஆட்டிறைச்சியை ஸ்லோ குக்கரில் சமைப்பதாக வைத்துக்கொள்வோம். குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வைத்திருந்த இறைச்சியை 60 டிகிரிக்குக் கொண்டுவரச் சுமார் 200 கிலோஜூல் வெப்பம் தேவை. அதே இறைச்சி உறைநிலைப் பெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் கல்லாக இருந்தால், அதிலுள்ள பனியை உருக்குவதற்கே சுமார் 250 கிலோஜூல் செலவாகும். அதன் பிறகே இறைச்சி சூடேறத் தொடங்கும். மொத்தத்தில் சுமார் 490 கிலோஜூல், அதாவது இரண்டரை மடங்கு வெப்பம் தேவைப்படுகிறது.

குறைந்த சூட்டில் 150 வாட் மின்சாரம் முழுவதும் இறைச்சிக்கே செல்வதாகக் கொண்டாலும், பனி உருகுவதற்கு மட்டும் அரை மணி நேரம் ஆகும். நடைமுறையில் அந்த வெப்பத்தின் ஒரு பகுதியைக் கனமான பீங்கான் பாத்திரமும் குழம்பும் எடுத்துக்கொள்கின்றன. இன்னொரு பகுதி காற்றில் கலக்கிறது. வெப்பம் வெளியிலிருந்து உள்நோக்கி மெதுவாகவே பரவுவதால், துண்டின் வெளிப்புறம் 40 டிகிரியை எட்டிய பின்னும் நடுப்பகுதி பனியாகவே இருக்கக்கூடும். பாக்டீரியாக்கள் பெரும்பாலும் இறைச்சியின் மேற்பரப்பில்தான் உள்ளன. அவற்றுக்கு மிகவும் உகந்த இதமான சூடு, பனி உருகும் வரை பல மணி நேரம் அங்கே நீடிக்கிறது. உறைந்த இறைச்சியை ஸ்லோ குக்கரில் நேரடியாக இடக்கூடாது என்று கூறப்படுவதன் காரணம் இதுவே.

தொடக்கத்தை விரைவுபடுத்தும் வழிமுறைகள்

இறைச்சியை முதல் நாளே உறைநிலைப் பெட்டியிலிருந்து எடுத்து, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து முழுமையாக உருகவிட வேண்டும். ஒரு கிலோ இறைச்சிக்கு இதற்குச் சுமார் ஒரு நாள் ஆகலாம். சமையல் மேடையில் வைத்து உருகவிடுவது ஏற்றதல்ல. உட்புறம் உருகுவதற்குள் வெளிப்புறம் அறை வெப்பத்தை எட்டிவிடும்.

துண்டுகள் சிறிதாக இருப்பது நல்லது. முழுத் தொடையாகவோ பெரிய கட்டியாகவோ இட்டால் வெப்பம் நடுப்பகுதியை அடைய நீண்ட நேரமாகும். பாத்திரம் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை மட்டுமே நிரம்பியிருக்க வேண்டும். விளிம்பு வரை நிரப்பினால் சூடேறுவது தாமதமாகும். இறைச்சி மூழ்கும் அளவுக்குக் குழம்பு இல்லாமல் போனாலும் வெப்பம் சீராகப் பரவாது.

நம் சமையல் முறையிலேயே இதற்கு ஒரு நல்ல தீர்வு உள்ளது. வெங்காயத்தையும் மசாலாவையும் அடுப்பில் வதக்கி, இறைச்சியை அதில் பிரட்டி, கொதிக்கும் நீர் ஊற்றி, அந்தச் சூட்டுடனேயே ஸ்லோ குக்கருக்கு உடனடியாக மாற்றிவிடலாம். இதனால் மேற்பரப்பின் அபாய நேரம் பெருமளவு குறைகிறது. அடுத்து, முதல் ஒரு மணி நேரம் 'ஹை' நிலையில் வைத்து, பின்னர் 'லோ' நிலைக்கு மாற்றுமாறு பரிந்துரைக்கப்படுகிறது. வேகும் இடையில் மூடியைத் திறந்து பார்ப்பதைத் தவிர்க்க வேண்டும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே தேங்கிய ஆவி வெளியேறிவிடுவதால், இழந்த வெப்பத்தை மீட்க 15 முதல் 20 நிமிடங்கள் வரை ஆகலாம்.

நேரத்தை முன்கூட்டியே அமைக்கும் டைமர் வசதி இறைச்சிக்கு ஏற்றதன்று. காலை 8 மணிக்குப் பச்சை இறைச்சியை இட்டு, பகல் 12 மணிக்குக் கருவி இயங்கும்படி அமைத்தால், அந்த 4 மணி நேரமும் இறைச்சி அறை வெப்பத்திலேயே கிடக்கும். மசாலா தடவிய இறைச்சியைப் பீங்கான் பாத்திரத்துடனேயே இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, காலையில் அப்படியே கருவியில் பொருத்துவதும் உகந்ததல்ல. குளிர்ந்த பீங்கான் சூடேறுவதற்கே நீண்ட நேரம் பிடிக்கும். இறைச்சியைத் தனிப் பாத்திரத்தில் குளிர்பெட்டியில் வைத்து, சமைக்கும்போது மாற்றுவதே முறை. 'வார்ம்' எனக் குறிக்கப்பட்ட நிலை, ஏற்கெனவே வெந்த உணவைச் சூடாக வைத்திருக்க மட்டுமே உரியது, சமைப்பதற்கன்று.

மின்தடையும் குறைந்த மின்னழுத்தமும்

கையேடுகளில் பெரும்பாலும் இடம்பெறாத ஒன்று மின்னழுத்தம். வெப்பமூட்டும் கம்பியின் திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கேற்ப மாறுகிறது. 230 வோல்ட்டுக்குப் பதிலாக 200 வோல்ட் மட்டுமே கிடைத்தால், வெப்பம் 13 சதவீதம் அன்று, ஏறத்தாழ 24 சதவீதம் குறைகிறது. வெப்பநிலைக் கட்டுப்பாடு இல்லாத எளிய வகைக் கருவிகளில் இது நேரடியாகச் சமையல் நேரத்தைப் பாதிக்கும். மின்விளக்குகள் மங்கலாக எரியும் மாலை வேளைகளில், அளவுக் குறிப்பில் கண்ட நேரத்தை நம்பி இறைச்சியை எடுத்துவிடக் கூடாது.

மின்தடை ஏற்பட்டால் செய்ய வேண்டியது, அப்போது வீட்டில் ஆள் இருந்தாரா என்பதைப் பொறுத்தது. வீட்டில் இருந்தால், வேகாத இறைச்சியை உடனடியாக எரிவாயு அடுப்புக்கு மாற்றிச் சமைத்து முடிக்கலாம். மின்சாரம் போகும் முன்பே இறைச்சி முழுமையாக வெந்திருந்தால், மூடிய கருவிக்குள் அது 2 மணி நேரம் வரை பாதுகாப்பாக இருக்கும். வீட்டில் யாரும் இல்லாதபோது மின்சாரம் எவ்வளவு நேரம் நின்றது என்பது தெரியாவிட்டால், உணவு வெந்தது போலத் தோன்றினாலும் அதைக் கொட்டிவிட வேண்டும் என்பதே அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. திருகு விசை கொண்ட எளிய கருவிகள் மின்சாரம் திரும்பியதும் தாமாகவே மீண்டும் இயங்கத் தொடங்கும். முற்பகலில் 2 மணி நேரம் மின்சாரம் நின்றிருந்தாலும், மாலையில் மூடியைத் திறக்கும்போது குழம்பு கொதித்துக்கொண்டே இருக்கும். நடந்ததற்கு எந்த அடையாளமும் தெரியாது. மின்தடையால் நேரம் அழிந்து போகும் மின்கடிகாரம் ஒன்றையோ, மைக்ரோவேவ் ஓவனின் கடிகாரத்தையோ பார்த்து இதை அறியலாம். காலையில் சரியாக இருந்த கடிகாரம் மாலையில் பூஜ்ஜியத்தைக் காட்டினாலோ மின்னிக்கொண்டிருந்தாலோ, இடையில் மின்சாரம் நின்றுள்ளது எனப் பொருள்.

பழைய ஸ்லோ குக்கர் சரியாக இயங்குகிறதா என்பதை நீரைக் கொண்டே சோதிக்கலாம். பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை நீர் நிரப்பி, மூடி, 'லோ' நிலையில் 8 மணி நேரம் வைக்க வேண்டும். பின்னர் மூடியைத் திறந்தவுடன் வெப்பமானியால் அளந்தால் 85 முதல் 93 டிகிரி வரை இருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருப்பின், அக்கருவி இறைச்சியை உரிய வேகத்தில் சூடாக்காது எனக் கொள்ளலாம்.

மைக்ரோவேவ் ஓவன்: குளிர்ந்த இடங்கள் உருவாவது எப்படி?

மைக்ரோவேவ் ஓவனில் நேரம் சிக்கலன்று. சில நிமிடங்களிலேயே அபாய மண்டலம் கடக்கப்படுகிறது. ஆனால் எல்லா இடங்களிலும் ஒரே அளவில் கடக்கப்படுவதில்லை.

வீட்டு ஓவன்களில் பயன்படும் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். இவ்வலைகள் ஓவனின் உலோகச் சுவர்களில் பட்டுத் திரும்பி ஒன்றோடொன்று கலக்கும்போது, சில இடங்களில் வலுப்பெறுகின்றன. சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இதனால் ஓவனுக்குள் சூடான புள்ளிகளும் குளிர்ந்த புள்ளிகளும் சில சென்டிமீட்டர் இடைவெளியில் மாறி மாறி அமைகின்றன. சுழலும் தட்டு இதைச் சமன்செய்யவே வைக்கப்பட்டுள்ளது. எனினும் தட்டின் நடுவில் உள்ள துண்டு இருந்த இடத்திலேயே சுற்றுவதால், அதற்குச் சுழற்சியின் பயன் குறைவு.

இரண்டாவது காரணம், அலைகள் இறைச்சிக்குள் ஓரிரு சென்டிமீட்டர் ஆழம் வரையே வலுவுடன் செல்கின்றன. அதற்கும் உள்ளே இருக்கும் பகுதி, வெளிப்பகுதியிலிருந்து கடத்தப்படும் வெப்பத்தால்தான் வேக வேண்டும். உப்பு அதிகம் சேர்த்து ஊறவைத்த இறைச்சியில் அலைகள் மேற்பரப்பிலேயே மேலும் அதிகமாக உறிஞ்சப்படுகின்றன. மேலே மொறுமொறுப்பாகத் தோன்றும் துண்டின் உட்புறம் குளிர்ந்திருக்கலாம். பெரிய எலும்புகளும் தங்களைச் சுற்றியுள்ள சதை முழுமையாக வேகாதபடி தடுக்கக்கூடும்.

மூன்றாவதாக, பனி நுண்ணலைகளை மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. நீர் மிக அதிகமாக உறிஞ்சுகிறது. பாதி உருகிய கோழித் துண்டை ஓவனில் வைத்தால், உருகிய ஓரம் மேலும் மேலும் சூடாகி வெந்துவிடும். பனியாக உள்ள நடுப்பகுதி அப்படியே இருக்கும். ஓவனில் உறைவு நீக்கும்போது ஓரங்கள் வெளிறி வேகத் தொடங்குவதை இதனால்தான் காண்கிறோம். அவ்வாறு ஓவனில் உருக்கிய இறைச்சியை மீண்டும் குளிர்பெட்டியில் வைக்காமல் உடனடியாகச் சமைத்துவிட வேண்டும்.

அலாஸ்கா விருந்து உணர்த்திய பாடம்

இந்தக் குளிர்ந்த புள்ளிகள் ஏட்டளவிலான அச்சமல்ல என்பதை 1992ஆம் ஆண்டு அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத் தலைநகர் ஜூனோவில் நடந்த நிகழ்வு காட்டியது. அங்கு நடைபெற்ற ஒரு விருந்தில் பரிமாறப்பட்ட பன்றி இறைச்சியால் பலருக்கு சால்மொனெல்லா தொற்று ஏற்பட்டது. விருந்தில் மீந்த இறைச்சியைச் சிலர் வீட்டுக்கு எடுத்துச் சென்று மீண்டும் சூடாக்கி உண்டனர்.

அவ்வாறு சூடாக்கி உண்ட 30 பேரிடம் நலவாழ்வு அதிகாரிகள் விசாரித்தனர். வழக்கமான ஓவனிலோ வாணலியிலோ சூடாக்கிய 20 பேரில் ஒருவருக்குக் கூட நோய் ஏற்படவில்லை. மைக்ரோவேவ் ஓவனில் சூடாக்கிய 10 பேரும் நோயுற்றனர். இவ்வாய்வு 1994ஆம் ஆண்டு அமெரிக்கத் தொற்றுநோயியல் ஆய்விதழில் வெளியானது.

எண்ணிக்கை சிறியது, எனினும் வேறுபாடு தெளிவானது. மைக்ரோவேவ் ஓவனால் பாக்டீரியாவை அழிக்க முடியாது என்பது இதன் பொருளன்று. நாவுக்குச் சூடாகத் தெரியும் அளவுக்குச் சூடாக்குவதும், எல்லாப் பகுதிகளையும் பாதுகாப்பான வெப்பத்துக்குக் கொண்டுவருவதும் வேறுவேறு என்பதே இதன் பொருள். வாணலியில் இறைச்சியைக் கிளறுகிறோம். அது வேகும் ஓசையையும் கேட்கிறோம். ஓவனிலோ மணி அடித்ததும் தட்டை எடுத்துவிடுகிறோம்.

அரை கிலோ கோழி: படிப்படியாக

அரை கிலோ கோழித் துண்டுகளை மைக்ரோவேவ் ஓவனில் சமைப்பதாகக் கொள்வோம். முதலில் துண்டுகள் முழுமையாக உருகியிருக்க வேண்டும். ஏறத்தாழ ஒரே அளவில் வெட்டப்பட்டிருக்க வேண்டும். தட்டில் குவித்து வைக்காமல் வளையமாக அடுக்கி, நடுப்பகுதியைக் காலியாக விட வேண்டும். தடித்த பகுதிகள் தட்டின் வெளிப்புறத்தை நோக்கியும், மெல்லிய நுனிகள் உள்நோக்கியும் இருக்கட்டும். இரண்டு மேசைக்கரண்டி நீர் தெளித்து, ஓவனுக்கேற்ற மூடியால் மூடி, ஆவி வெளியேறச் சிறு இடைவெளி விட வேண்டும். மூடிக்குள் சூழும் ஈரமான ஆவி, அலைகள் தவறவிட்ட இடங்களுக்கும் வெப்பத்தைக் கொண்டு செல்கிறது.

அடுத்தது நேரம். சமையல் குறிப்பு 1,000 வாட் ஓவனுக்கு 8 நிமிடம் என்று கூறினால், 700 வாட் ஓவனுக்குச் சுமார் பதினொன்றரை நிமிடம் தேவைப்படும். உங்கள் ஓவனின் வெளியீட்டுத் திறன் அதன் கதவின் உட்புறத்திலோ பின்புற வில்லையிலோ குறிக்கப்பட்டிருக்கும். அது எடுத்துக்கொள்ளும் மின்சார அளவு வேறு, சமையலுக்கு வெளியிடும் திறன் வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய துண்டுகளாயின் முழுத் திறனுக்குப் பதிலாக 50 சதவீதத் திறனில் கூடுதல் நேரம் வைப்பது நல்லது. ஓரம் காய்ந்து போகாமல் வெப்பம் உள்ளே செல்ல அது அவகாசம் தருகிறது.

பாதி நேரத்தில் ஓவனை நிறுத்தி, துண்டுகளைப் புரட்டி, உள்ளே இருந்தவற்றை வெளியேயும் வெளியே இருந்தவற்றை உள்ளேயும் மாற்ற வேண்டும். குழம்பாக இருப்பின் அடிவரை கிளற வேண்டும். குளிர்ந்த புள்ளிகளை நீக்குவதில் இந்த ஒரு செயலே மிகுந்த பயன் தருகிறது. ஓவனில் பாதி வேகவைத்துப் பின்னர் அடுப்பில் முடிப்பதாயின், இடைவெளியின்றி உடனே மாற்ற வேண்டும். பாதி வெந்த இறைச்சியை எடுத்துவைத்துவிட்டு மாலையில் முடிப்பது அபாயகரமானது.

மூன்று வகை 'நேரம்' – குழப்பம் வேண்டாம்

ஓவன் நின்ற பிறகு 'சில நிமிடம் அப்படியே வைக்கவும்' என்று குறிப்புகளில் காணப்படுவது, கை சுடாமல் இருப்பதற்காகக் கூறப்பட்டதன்று. அது சமையலின் ஒரு பகுதி. அலைகள் நின்ற பின்னும் சூடான வெளிப்பகுதியிலிருந்து குளிர்ந்த உட்பகுதிக்கு வெப்பம் தொடர்ந்து செல்கிறது. மூடியைத் திறக்காமல் குறைந்தது 3 நிமிடங்கள் வைத்த பிறகே வெப்பத்தை அளக்க வேண்டும். உடனே அளந்தால் ஓரத்தின் அதிகச் சூடு நம்மை ஏமாற்றிவிடும்.

இரண்டாவது, ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி ஆகியவற்றின் முழுத் துண்டுகளை மேலைநாட்டு முறையில் சுடும்போது கூறப்படும் 3 நிமிட ஓய்வு நேரம். 63 டிகிரியை எட்டிய துண்டு அவ்வெப்பத்தில் சற்று நேரம் நிலைத்திருப்பதால் பாக்டீரியாக்கள் அழிகின்றன. கொத்துக்கறிக்கும் கோழிக்கும் இந்தச் சலுகை இல்லை. கொத்துக்கறி 71 டிகிரியையும், கோழி 74 டிகிரியையும் எட்டியாக வேண்டும்.

மூன்றாவது, சமைத்த உணவை மேசையில் வைத்திருக்கும் நேரம். இதில் எந்தப் பாக்டீரியாவும் அழிவதில்லை, மாறாக வளர்கிறது. பொதுவாக 2 மணி நேரம் வரை அனுமதிக்கப்படுகிறது. சுற்றுப்புற வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் அது ஒரு மணி நேரமாகக் குறைகிறது என்கிறது அமெரிக்க வேளாண் துறை. திருவனந்தபுரத்தின் மார்ச், ஏப்ரல் மாதப் பகல் வேளைகளில் குளிரூட்டப்படாத அறைகளுக்கு அந்த ஒரு மணி நேரக் கணக்கே பொருந்தும்.

எப்படி அறிவது?

நிறம் நம்பத்தக்க அடையாளமன்று. முழுமையாக வெந்த கோழியிலும் எலும்பை ஒட்டி இளஞ்சிவப்பு தெரியலாம். வேகாத கொத்துக்கறி பழுப்பாகவும் தோன்றலாம். மசாலாவின் நிறம் இதை மேலும் மறைத்துவிடும். மணமும் சுவையும் கூட உதவுவதில்லை. நோய் உண்டாக்கும் அளவுக்குப் பாக்டீரியா பெருகிய உணவும் வழக்கம்போலவே மணக்கக்கூடும்.

எனவே முனை கூரிய உணவு வெப்பமானியே சரியான கருவி. மிகத் தடித்த துண்டின் நடுவில், எலும்பைத் தொடாமல் அதைச் செருக வேண்டும். மைக்ரோவேவ் ஓவனில் சமைத்திருந்தால் ஓர் இடத்தில் மட்டும் அளப்பது போதாது. நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று, மற்றொரு துண்டில் ஒன்று எனக் குறைந்தது மூன்று இடங்களில் அளந்து, அவற்றுள் மிகக் குறைந்த அளவையே கணக்கில் கொள்ள வேண்டும். மூன்றில் ஒன்று 74 டிகிரிக்குக் கீழ் இருந்தாலும் கோழியை மீண்டும் ஓவனில் வைத்து, மறுபடியும் 3 நிமிடம் விட்டு அளக்க வேண்டும்.

அசைவ உணவின் உட்பகுதி 65 டிகிரியில் 10 நிமிடம், அல்லது 70 டிகிரியில் 2 நிமிடம், அல்லது 75 டிகிரியில் 15 விநாடி இருக்க வேண்டும் என்பது உணவகங்களுக்கான ஆய்வுப் பட்டியலில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வகுத்துள்ள அளவுகோல். வெப்பம் கூடக்கூடத் தேவையான நேரம் குறைவதை இதில் காணலாம்.

மீந்த இறைச்சியை என்ன செய்வது?

ஸ்லோ குக்கரின் பீங்கான் பாத்திரத்தை அப்படியே குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. அது வெப்பத்தை நீண்ட நேரம் தேக்கி வைப்பதால் குழம்பின் நடுப்பகுதி பல மணி நேரம் இதமாகவே இருக்கும்; கொதியைத் தாங்கிய வித்துகள் முளைக்க அதுவே வாய்ப்பாகும். மீந்ததைச் சிறிய, ஆழமற்ற பாத்திரங்களில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மிகாமல் பிரித்து ஊற்றி, மேற்குறித்த நேரத்திற்குள் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.

மறுநாள் அதைச் சூடாக்க ஸ்லோ குக்கரைப் பயன்படுத்தக் கூடாது. அபாய மண்டலத்தை மீண்டும் மெதுவாகக் கடப்பதாகவே அது முடியும். அடுப்பில் வைத்து நன்கு கொதிக்கவிடலாம். மைக்ரோவேவ் ஓவனாயின் மூடி, இடையில் கிளறி, 3 நிமிடம் விட்டு அளக்க வேண்டும். மறுமுறை சூடாக்கும் உணவின் உட்பகுதி 75 டிகிரியை எட்டி, அவ்வெப்பத்தில் குறைந்தது 2 நிமிடங்கள் இருக்க வேண்டும் என்கிறது தர நிர்ணய ஆணையத்தின் அதே பட்டியல். அவ்வாறு சூடாக்கிய பின் அந்தக் குழம்பைப் பரிமாறும் வரை சூடாக வைத்திருக்க மட்டும் ஸ்லோ குக்கரின் 'வார்ம்' நிலையைப் பயன்படுத்தலாம். குழம்பு 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருக்கிறதா என்பதை வெப்பமானியால் அவ்வப்போது சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.